கட்டங்கள் சொல்லும் பிழைகள்

தில்லியிலுள்ள ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆக்ராவுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டனர். மாணவர்கள் 36 பேர். ஆளுக்கு ரூ.1,500 கட்டணம். வகுப்புத் தலைவி எக்செல் விரிதாளில் கணக்கு எழுதினாள். A நிரலில் சேர்க்கை எண், B-இல் பெயர், C-இல் கட்டிய தொகை, D-இல் மீதி, E-இல் பணம் கட்டிய நாள், F-இல் பேருந்து எண் என அமைத்தாள். முதல் நிரை தலைப்பு. இரண்டாம் நிரை முதல் 37ஆம் நிரை வரை மாணவர் விவரம்.

முதலில் E நிரலில் நாள்களுக்குப் பதிலாக ##### என்று தோன்றியது. இது பிழையே அன்று. நிரல் ஒடுக்கமாக இருப்பதால் நாள் அதில் அடங்கவில்லை, அவ்வளவுதான். நிரல் தலைப்பின் வலப்பக்கக் கோட்டை இருமுறை சொடுக்கினால் நிரல் விரிந்து நாள் தெரியும்.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். D7 கட்டத்தில் #VALUE! என்று தோன்றியது. அங்கே இருந்த சூத்திரம் இது:

```
=1500-C7
```

C7 கட்டத்தில் அவள் "500 ரூ" என்று எழுதியிருந்தாள். எண்ணோடு எழுத்தும் சேர்ந்ததால் விரிதாள் அதை எண்ணாகக் கொள்ளாமல் சொல்லாகக் கொண்டது. சொல்லைக் கழிக்க இயலாது, அதனையே #VALUE! தெரிவிக்கிறது. எண் கட்டத்தின் வலப்பக்கமும் சொல் இடப்பக்கமும் இயல்பாக ஒதுங்கி நிற்கும். எனவே C நிரலை மேலிருந்து கீழே பார்த்தாலே இடப்பக்கம் ஒதுங்கியது எது என்று தெரிந்துவிடும். D நிரலின் கூட்டுத்தொகையிலும் #VALUE! தோன்றியது. ஒரு கட்டத்தின் பிழை, அதனைப் பயன்படுத்தும் கட்டங்களுக்கும் பரவும். ஆதலால் கடைசிக் கட்டத்தைத் திருத்த முயலாமல் மூலக் கட்டத்தைத் தேட வேண்டும்.

தலைவியோ அவ்வாறு தேடவில்லை. பிழை கண்ணில் படாதிருக்க ஒரு வழி உண்டென்று யாரோ கூற, D7-இல் இவ்வாறு மாற்றினாள்:

```
=IFERROR(1500-C7,0)
```

பிழை மறைந்தது, மீதி 0 என்றானது. ஆயிரம் ரூபாய் தர வேண்டிய மாணவர் முழுப்பணமும் கட்டியவராகிவிட்டார்!

கணக்கு முடிந்தபின் ஆசிரியர் பெட்டியிலிருந்த பணத்தை எண்ணினார். ரூ.41,500 இருந்தது. விரிதாளோ ரூ.41,000 என்றது. SUM என்னும் கட்டளை சொற்களைக் கண்டால் பிழை காட்டாது. ஓசையின்றி விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும். அதனால் C7-இன் ஐந்நூறு விடுபட்டது. மீதித் தொகை ரூ.11,500 என்றும் காட்டியது. இரண்டையும் கூட்டினால் ரூ.52,500. வர வேண்டியதோ ரூ.54,000. குறைவது சரியாக ஒருவருடைய கட்டணம். ஆசிரியர் அந்த ஒருவரைத் தேடிச் சென்று C7-ஐக் கண்டார். அங்கே 500 என்று மட்டும் எழுதி, D7-இல் பழைய சூத்திரத்தை மீட்டதும் எல்லாம் பொருந்தியது. ரூபாய்க் குறி வேண்டுமெனில் கட்டத்தின் எண் வடிவமைப்பில் அதனைத் தேர்ந்தெடுக்கலாம், கையால் எழுதலாகாது.

#NAME? என்பது பெரும்பாலும் எழுத்துப்பிழை. SUM என்பதை SUMM என எழுதினால் அப்படியொரு கட்டளை இல்லையென்று விரிதாள் சொல்கிறது. #DIV/0! என்றால் வகுக்கும் எண் சுழியமாகவோ வெற்றுக் கட்டமாகவோ உள்ளது. அக்கட்டத்தை நிரப்பினால் போதும். #REF! சற்றுக் கொடியது. C நிரலையே நீக்கிவிட்டால் D-இன் சூத்திரம் =1500-#REF! என மாறி, எந்தக் கட்டத்தைச் சுட்டியது என்ற தடயமும் அழிந்துவிடும். உடனே Ctrl+Z அழுத்தினால் நிரல் திரும்பும். கோப்பைச் சேமித்து மூடிய பின்னரோ, சூத்திரத்தை மீண்டும் எழுத வேண்டியதுதான்.

எஞ்சியது #N/A. மாணவர்களின் பேருந்து எண்கள் Bus என்னும் வேறொரு தாளில் இருந்தன. அவற்றைத் தேடி எடுக்க F12-இல் இருந்த சூத்திரம்:

```
=VLOOKUP(A12,Bus!$A$2:$B$37,2,FALSE)
```

தேடிய சேர்க்கை எண் கிடைக்கவில்லை என்பதே #N/A-இன் பொருள். F12, F20 என்னும் இரு கட்டங்களில் அது தோன்றியது. A12-இல் இருந்த எண் சொல்லாகப் பதிவாகியிருந்தது. கட்டத்தின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் அதனைக் காட்டியது. அருகில் தோன்றும் குறியைச் சொடுக்கி Convert to Number என்பதைத் தேர்ந்தவுடன் பேருந்து எண் வந்தது. A20-இல் அத்தகைய குறை எதுவும் இல்லை. ஆசிரியர் Bus தாளைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். அந்த மாணவியின் எண் அங்கே எழுதப்படவே இல்லை; அவளுக்கு எந்தப் பேருந்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை. அன்றே அவள் எண் இரண்டாம் பேருந்தில் சேர்க்கப்பட்டது.