இரண்டு நிறப் பானையும் ஒரு சுவர்ப் பலகையும்

தமிழ்நாட்டில் தொல்லியல் காட்சிக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் அந்தப் பானை இருக்கும். கீழடி, கொடுமணல், ஆதிச்சநல்லூர் என்று அகழாய்வு நடந்த இடங்களில் எல்லாம் கிடைத்திருக்கிறது. உள்ளே கன்னங்கரேல் என்றும் வெளியே செக்கச்செவேல் என்றும் இரண்டு நிறம். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வரும் குடும்பம் ஒரு கணம் நின்று பார்க்கிறது. பக்கத்துச் சுவரில் உள்ள பலகையில் இரண்டு வரி படிக்கிறது. பிறகு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுகிறது. அந்தப் பலகையில் இருக்கக்கூடிய வாசகத்துக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். எந்த அருங்காட்சியகத்திலிருந்தும் எடுத்தது இல்லை, ஆனால் இந்த நடை எல்லோருக்கும் பழக்கமானதே:

"இரும்புக்கால மற்றும் தொடக்க வரலாற்றுக்காலப் பண்பாட்டு அடுக்குகளில் கிடைக்கப்பெற்ற கருப்பு-சிவப்பு நிற மட்கலன்கள், தலைகீழ்ச் சுடுமுறையின் வாயிலாக உட்புறத்தில் ஒடுக்கமும் வெளிப்புறத்தில் ஆக்சிஜனேற்றமும் நிகழ்த்தப்பெற்று உருவாக்கப்பட்டவையாகும். இவற்றின் மீது காணப்பெறும் கீறல் குறியீடுகளும் தமிழி எழுத்துப் பொறிப்புகளும் அக்காலச் சமூகத்தின் எழுத்தறிவு நிலையை எடுத்தியம்புகின்றன."

இதில் பிழையான தகவல் ஒன்றுமில்லை. தொல்லியல் படித்தவருக்கு இது தெளிவாகவே இருக்கும். ஆனால் பேழைக்கு முன் நிற்பவரின் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு பானைக்கு எப்படி இரண்டு நிறம் வந்தது? அதற்கான பதில் இந்த வாசகத்துக்குள் இருந்தும் அவர் கைக்கு எட்டவில்லை. இதைத் திருத்தி எழுதுவது எப்படி என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

கடினமான சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். 'மட்கலன்' என்பதைப் 'பானை' என்று மாற்றலாம். 'ஒடுக்கம்' என்பதைக் 'காற்றில்லாமல் சுடுவது' என்று மாற்றலாம். அப்படி மாற்றினாலும் வாசகம் புரியாது. காரணம், அதற்குள் மூன்று செய்திகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. பானை எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பது ஒன்று, எப்படிச் சுடப்பட்டது என்பது இன்னொன்று, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது. எனவே எழுதத் தொடங்கும் முன் மையக்கருத்தை ஒரே ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அருங்காட்சியக வாசகங்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பெவர்லி செரல், 1996இல் வெளிவந்த தம் நூலில் இதைத்தான் முதல் வேலையாக வைக்கிறார். 'பண்டைய மட்கலன்கள்' என்பது தலைப்பு மட்டுமே. வாக்கியம் என்றால் அதில் எழுவாய் வேண்டும், வினை வேண்டும், அதனால் என்ன என்பதும் வேண்டும்.

நம் பானைக்கு அந்த வாக்கியம் இது: 'சூளைக்குள் காற்று எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்று தெரிந்திருந்த குயவர், ஒரே நெருப்பில் ஒரே பானைக்கு இரண்டு நிறம் கொண்டுவந்தார்.' இந்த வாக்கியம் பலகையில் அப்படியே இடம்பெற வேண்டியதில்லை. பலகையில் எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று தீர்ப்பதற்கு அது உதவும். மண்ணடுக்கு போகட்டும். எழுத்துப் பொறிப்பும் போகட்டும். அது குறைந்த செய்தி என்பதால் அல்ல, அதற்குத் தனிப் பலகை வைக்கும் அளவுக்குப் பெரிய செய்தி என்பதால். 'ஆதன்' என்று பெயர் கீறிய ஓட்டை இந்த வாசகத்தின் கடைசி வரியில் ஒண்ட வைப்பது அந்த ஓட்டுக்கே செய்யும் அநீதி.

எழுதுபவர் முதலில் செய்முறையைத் தாமே முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும். பானை வனையும் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சுடும்போது காற்று தாராளமாகக் கிடைத்தால் அந்த இரும்பு காற்றோடு சேர்ந்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. காற்று போகாத இடத்தில் இந்த மாற்றம் நடப்பதில்லை. அங்கே எரியும் வைக்கோல், உமி போன்றவற்றின் கரி மண்ணில் ஏறிக் கருப்பாகிறது. பானையை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினால் உட்புறத்துக்கும் விளிம்புக்கும் காற்று போகாது, வெளிப்புறத்துக்குப் போகும். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது. இரண்டு முறை சுட்டிருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடையே உண்டு. அதனால் பலகையில் ஓரிடத்தில் 'ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்' என்று சொல்லிவிட வேண்டும். வரிக்கு வரி சொல்லத் தேவையில்லை.

இப்போது முதல் திருத்தம்:

"ஒரே பானை, இரண்டு நிறம். இது பூசிய நிறம் அல்ல. குயவர் பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. காற்றுப் படாத உட்புறம் கருத்தது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவருக்கு நன்றாக இருப்பது போதாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பேழைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். படித்தவரிடம் 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயன் இல்லை. எல்லோரும் 'புரிந்தது' என்றே சொல்வார்கள். 'வீட்டில் இருப்பவர்களிடம் இந்தப் பானையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். மையக்கருத்து போய்ச் சேர்ந்ததா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பார்வையாளரிடமிருந்து எதிர்பார்க்க வேண்டிய பதில் ஒன்று உண்டு: "சமைச்சுச் சமைச்சு உள்ளே கருத்துப் போயிருக்கு." விறகடுப்புப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் நினைப்பார். பலகையைப் படித்த பிறகும் அந்த எண்ணம் போகாது, ஏனென்றால் முதல் திருத்தம் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. நிறம் பூசியதாக நினைப்பவருக்கு மட்டுமே பதில் சொல்கிறது. தெரியாததைச் சொல்வதைவிட, ஏற்கெனவே தெரிந்ததாக நினைப்பதை மாற்றுவது கடினம். இந்த எண்ணத்தை மாற்ற வழியும் அந்தப் பானையிலேயே இருக்கிறது. அடுப்புக் கரி பிடித்தால் கருப்பது பானையின் வெளிப்புறம்தானே!

இன்னொரு குழப்பம் 'கவிழ்த்து' என்ற இடத்தில் வரும். சூளையையே பார்த்திராத பிள்ளைக்கு, எதன் மேல் எது கவிழ்ந்தது என்று தெரியாது. அதை எழுத்தால் விளக்கப் போனால் பலகை நீண்டுவிடும். சூளையைக் குறுக்காக வெட்டியது போல் ஒரு கோட்டோவியமும், காற்று வரும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போதும்.

இரண்டாவது திருத்தம்:

"ஒரே பானைக்கு ஏன் இரண்டு நிறம்?

இது பூசிய நிறம் இல்லை. சமைத்ததால் வந்த கரியும் இல்லை; அடுப்புக் கரி பானையின் வெளியேதான் பிடிக்கும்.

குயவர் பானையின் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துச் சூளையில் சுட்டார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காற்றுப் பட்ட வெளிப்புறம் செங்கல் போலச் சிவந்தது. காற்று போகாத உட்புறத்தில் கரி ஏறிக் கருத்தது.

விளிம்பைப் பாருங்கள். கருப்பு கொஞ்சம் வெளியேயும் வந்திருக்கிறது. சாம்பலில் புதைந்திருந்த பகுதி அது.

நெருப்புக்கு எங்கே காற்று விடுவது, எங்கே அடைப்பது என்பது 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது."

நான் மிக மதிப்பது 'விளிம்பைப் பாருங்கள்' என்ற வரியை. அது படிப்பவரின் கண்ணைச் சுவரிலிருந்து பானைக்குத் திருப்புகிறது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு இதுவே அளவுகோல். படித்தவரின் பார்வை பானைக்குத் திரும்பி, விரல் நீண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இதோ பார்" என்றால் பலகை வேலை செய்கிறது. ஆனால் இந்த வரியை எழுதும் முன் பேழையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட பானையைப் பார்க்க வேண்டும். விளிம்பு உடைந்த பானைக்கு முன்னால் இதை எழுதினால் பார்வையாளர் ஏமாந்து போவார்.

சுவர் வாசகத்தை ஒருவர் மௌனமாகப் படிப்பதாக நினைத்துத்தான் பலரும் எழுதுகிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த பாலட் மக்மேனஸ், 1989இல் வேறொன்றைக் காட்டினார். பலகையைப் படிக்காதவர்கள் போலத் தெரிந்தவர்களின் பேச்சிலும் பலகையின் சொற்கள் அப்படியே வந்தன. குழுவில் ஒருவர் படிக்கிறார், மற்றவர்களுக்கு அவர் வாயால் போய்ச் சேருகிறது. நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை படித்துப் பாட்டிக்குச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். 'நிகழ்த்தப்பெற்று உருவாக்கப்பட்டவையாகும்' என்பதை அந்தப் பிள்ளை யாருக்கும் திருப்பிச் சொல்ல முடியாது. 'காற்று போகாத உட்புறம் கருத்தது' என்பதைச் சொல்லிவிடும். ஆகவே பலகை வாசகத்தை எழுதியவரே உரக்கப் படித்துப் பார்ப்பது அவசியம். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும்.

வரி முறிக்கும் இடத்துக்கும் இதே விதிதான். ஸ்டாக்ஹோம் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதிய மார்கரேட்டா ஏகார்வ், 1980களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஒரு வரி முடியும் இடத்தில் ஒரு சொற்றொடரும் முடிய வேண்டும். தமிழுக்கு இது இன்னும் தேவை. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. ஒடுங்கிய பலகையில் வடிவமைப்பாளர் இடம் பார்த்து முறித்தால் 'கவிழ்த்து' ஒரு வரியிலும் 'வைத்து' அடுத்த வரியிலும் போய் விழும். வரிகளை எழுதுபவரே முறித்துக் கொடுக்க வேண்டும், அச்சுக்கு முன் மறுபடி பார்க்கவும் வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு 50, 60 சொல் என்று சொல்லும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. அதே செய்தி தமிழில் குறைந்த சொற்களிலும் நீண்ட எழுத்து வரிசையிலும் வரும். எனவே சொல்லை எண்ணாமல் நின்றபடி படிக்க ஆகும் நேரத்தை அளப்பது நல்லது. செரல் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், பெரும்பாலான கண்காட்சிகளில் மக்கள் 20 நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தார்கள் என்று தெரியவந்தது. அந்த நேரத்துக்குள் எத்தனை பலகை படிக்க முடியும் என்று யோசித்தால் எதை வெட்டுவது என்பது தானே தெரியும்.

துறை அறிஞரின் ஆட்சேபம் கடைசியில் வரும். அதை மதித்துக் கேட்க வேண்டும், ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஆக்சிஜனேற்றம் என்ற சொல் இல்லையே' என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம், சொல் போனாலும் செய்தி இருக்கிறது. 'இந்த வகைப் பானை தமிழ்நாட்டில் மட்டுமே உண்டு என்று படிப்பவர் நினைத்துவிடுவாரே' என்றால் உடனே திருத்த வேண்டும். ராஜஸ்தானின் ஆஹார் பண்பாட்டிலும் கருப்பு-சிவப்புப் பானை உண்டு, காலம்தான் வேறு. 'அவர்களுக்குத் தெரிந்திருந்தது' என்ற இடத்தில் 'நம் முன்னோருக்கு மட்டுமே' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அங்கே உண்மை கெட்டுவிடும். எளிமைக்காக உண்மையை வளைத்தால் பலகையே வேண்டியதில்லை.

காட்சிக்கூடம் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் வாசகத்தை ஆங்கில வாசகத்தின் மொழிபெயர்ப்பாகச் செய்யாதீர்கள். தமிழில் முதலில் எழுதுங்கள், தாளில் ஒட்டிச் சோதியுங்கள், அதன்பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை அருங்காட்சியகம் போகும்போது ஒரு பலகை புரியாவிட்டால், அங்குள்ள கருத்துப் பதிவேட்டில் எந்தப் பேழை, எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதிவிட்டு வாருங்கள்.