ஃபிரேமுக்குப் பின்னால் நாலு வரி

பெற்றோரின் மணநாளுக்குப் பன்னிரண்டு படங்களைக் கோத்து ஃபிரேம் போட்டாயிற்று. கூட வைக்கும் சீட்டில்தான் பேனா நிற்கிறது. 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்பது ஃபிளெக்ஸ் பேனருக்கு ஆகும். யார் வீட்டுக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு படத்தை எடுத்து, அதில் தெரியாததை எழுதுங்கள். மூலையில் பழைய ஸ்கூட்டர் படம் இருக்கிறது என்று வையுங்கள்:

"அப்பா, அந்த மேட்டுல வண்டி ஏறாம நீங்க இறங்கித் தள்ளினீங்க. அம்மா, தூங்கி விழாம இருக்க முந்தானையால என்னை உன்னோட கட்டிக்கிட்டே. படத்துல ரெண்டுமே இல்ல. எனக்கு மறக்கல."

அப்பாவுக்கு 'நீங்க', அம்மாவுக்கு 'நீ' என்பது பல வீடுகளின் வழக்கம். இருவரையும் சேர்த்து 'நீங்கள்' என்றே எழுதினால், அம்மாவுக்கு அது யாரோ எழுதிய கடிதமாகிவிடும். அதனால்தான் ஆளுக்கொரு வரி. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தயங்குகிறதோ, அங்கே மேடைத்தமிழ் புகுந்திருக்கிறது.

பளபளக்கும் அட்டையில் ஜெல் பேனா மை இழுவிவிடும். சாதாரண அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, உறையிலிட்டு ஃபிரேமின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். தனியாகக் கொடுத்த சீட்டு, பரிசுத்தாளோடு குப்பைக்குப் போய்விடும்.