நாள் முழுதும் கழுவும் கைகளுக்கு

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. உடலின் ஈரத்தை வெளியே விடாமலும் வெளியிலுள்ள ரசாயனத்தை உள்ளே விடாமலும் காப்பது அதுதான். சோப்பு போட்டுக் கழுவும்போது அழுக்கோடு இதுவும் சிறிது கரைந்துபோகிறது. எப்போதாவது கழுவுபவரின் தோல் இழந்ததைத் தானே ஈடுசெய்துகொள்ளும். ஒரே ஷிப்டில் பல பத்து முறை கழுவும் செவிலியரின் தோலுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. விரலிடுக்கிலும் புறங்கையிலும் முதலில் வறட்சி, பிறகு சிவப்பும் எரிச்சலும், கடைசியில் வெடிப்பு.

இந்த நிலையில் ஆல்கஹால் சானிடைசர் பட்டால் சுரீரென்று எரியும். அதனால் பலர் அதையே குற்றவாளியாக்கிவிட்டு மறுபடி சோப்புக்குப் போகிறார்கள். இது பெரிய இழப்பு. எரிச்சலுக்குக் காரணம் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு. கிளிசரின் கலந்த சானிடைசர் சோப்பைவிடத் தோலைக் குறைவாகவே வாட்டுகிறது. அழுக்கோ ரத்தமோ கையில் பட்டிருந்தாலும், ஆல்கஹாலுக்கு அசையாத சில வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கும் இடத்திலும் சோப்பு கட்டாயம். மற்ற வேளைகளில் சானிடைசர் போதும்.

கை கிரீமில் கிளிசரினும் யூரியாவும் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன; வாஸ்லின், டைமெத்திகோன் போன்றவை அது ஆவியாகாமல் மூடுகின்றன. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு கையின் இரு பக்கங்களுக்கும் அது போதும். காலை ஷிப்டுக்கு வரும் செவிலியர் வேலை தொடங்குமுன், தேநீர் இடைவேளையில், சாப்பாட்டுக்குப் பின், வீடு திரும்புமுன் என நான்கு முறை பூசலாம். கையை ஒற்றித் துடைத்துவிட்டு விரலிடுக்கு, நகக்கண் விடாமல் தடவ வேண்டும். ரப்பர் லேடெக்ஸ் கையுறை போடுபவர் பணிநேரத்தில் வாஸ்லின் வகைகளைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் அந்த ரப்பரை நைந்துபோகச் செய்யும். கெட்டியான களிம்புக்கு இரவே ஏற்ற நேரம்.

வேலைக்கு முன் பூசும் 'பேரியர் கிரீம்' கண்ணுக்குத் தெரியாத கையுறை என்று விற்கப்படுகிறது. அந்த அளவுக்கு அதை நம்ப முடியாது. சாதாரண கிரீமைவிட அது மேலானது என்பதற்கு வலுவான ஆதாரமில்லை. கழுவக் கழுவப் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சமையல்காரருக்கு அது கையுறைக்கு மாற்றாகாது.

வாசனை கலந்த கிரீமைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. கிரீம் பூசப் பூச அரிப்பு கூடி, நீர்க்கொப்புளங்கள் வந்தால் அந்த வாசனைப் பொருளோ கெடாமலிருக்கச் சேர்த்த ரசாயனமோ ஒவ்வாமை தந்திருக்கலாம். பேட்ச் டெஸ்ட் அதைக் காட்டும். விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போய் உரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்குத் தேவை பூஞ்சைக்கான மருந்து. ஈரம் காக்கும் கிரீம் அங்கே உதவாது.