யு குழாயில் ஊசலாடும் நீர்

யு வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதியளவு நீர் நிரப்பி, ஒரு வாயில் மெல்ல ஊதி அதைக் கட்டைவிரலால் அடைத்தால், இரு கைகளிலும் நீர்மட்டம் ஏறத்தாழ நிற்கும். விரலை எடுத்ததும் உயர்ந்த பக்கத்து நீர் இறங்கும். சமமட்டத்துக்கு வந்தபின்னும் அது நிற்பதில்லை. அந்த நொடியில்தான் அதன் வேகம் மிக அதிகம். ஆகவே மறுபக்கம் ஏறி, மீண்டும் திரும்புகிறது.

ஒரு பக்கம் x அளவு இறங்கினால் மறுபக்கம் x ஏறும். மட்ட வேறுபாடு 2x. நீரைத் திருப்பி இழுப்பது இந்த 2x உயரத் துண்டின் எடை மட்டுமே. ஆனால் அது நகர்த்த வேண்டியதோ வளைவிலுள்ளதையும் சேர்த்து L நீளமுள்ள நீர் முழுவதையும். உராய்வே இல்லையென்றால், ஒரு முழு அலைவுக்கான நேரம் T = 2π√(L/2g). நீர்த்தம்பத்தின் பாதி நீளமுள்ள ஊசலுக்கும் இதே நேரம்தான் என்பதை நியூட்டன் தம் ‘பிரின்சிபியா’ நூலிலேயே நிறுவியிருக்கிறார். இந்தச் சமன்பாட்டில் அடர்த்திக்கு இடமில்லை என்பது வியப்பானது. இழுக்கும் எடையும் இழுபடும் நிறையும் ஒரே விகிதத்தில் கூடுவதால் பாதரசமும் நீரும் ஒரே தாளத்தில் ஆடும். குழாயின் விட்டம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும், மட்டம் வளைவுக்குள் இறங்கிவிடக் கூடாது. இவ்வளவே நிபந்தனை.

1 மீட்டர் நீர்த்தம்பம், 10 மி.மீ. உள்விட்டம், தொடக்க வேறுபாடு 10 செ.மீ. என்று கொள்வோம். கணக்குப்படி அலைவுகாலம் 1.42 வினாடி; வீச்சு என்றும் 5 செ.மீ. ஆகவே இருக்க வேண்டும். உண்மைக் குழாயில் சுவரை ஒட்டிய நீர் அசைவதில்லை. அதையடுத்த முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய படலத்தில்தான் உராய்வு நடக்கிறது. அதனால் ஒவ்வோர் அலைவிலும் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு கரைந்து 5, 3.3, 2.1, 1.4 செ.மீ. எனக் குறையும். அலைவுகாலமும் சற்றே நீண்டு 1.5 வினாடியை நெருங்கும்.

சீரான ஓட்டத்துக்கான புவாசேயி விதியை இங்கே அப்படியே பொருத்தினால், வீச்சு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும் என்று வரும். அளந்து பார்த்தால் நீர் அதைவிட விரைவாக அடங்கும். நீர் திசை மாறிக்கொண்டே இருப்பதால் அந்த விதி கேட்கும் பரவளைய வேகப்பரவல் உருவாக நேரம் கிடைப்பதில்லை. சுவரருகே வேகம் திடீரென மாறுவதால் உராய்வு கூடுகிறது. வளைவு கூர்மையாக இருந்தால் அங்கே எழும் சுழிகளும் ஆற்றலைத் தின்னும். பெரிய வீச்சில் இந்த இழப்பு அதிகம்.

அதே குழாயில் கிளிசரின் ஊற்றினால் ஆட்டமே இருக்காது. அதன் பாகுத்தன்மை நீரினுடையதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். உயர்ந்த மட்டம் ஊர்ந்து இறங்கும். 18 வினாடிக்குப் பிறகும் தொடக்க வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும். மட்டம் ஒருமுறைகூடச் சமநிலையைக் கடந்து மறுபக்கம் போகாது.