அரிசியைப்போல் களையலாகாத மூன்று தானியங்கள்

அரிசி களைவதை நம் வீடுகளில் எவரும் ஏட்டைப் பார்த்துக் கற்பதில்லை. அளவைக் கை அறியும். நீர் தெளிவதைக் கண் அறியும். ஆயின், அண்மைக் காலமாகப் பொதிகளில் அடைபட்டு நம் கடைகளுக்கு வரும் கீன்வா, அமராந்து, பக்வீட் என்னும் மூன்றையும் இந்தப் பழக்கத்தை மட்டும் நம்பி உலையிலிடுவோர் ஏமாற்றமே அடைகின்றனர். ஒன்று கசக்கிறது, ஒன்று பசையாகிறது, மற்றொன்று வழுவழுத்துப் போகிறது. நீரிழிவுக்கு நல்லதென்று எவரோ கூறக் கேட்டு, அரிசியிலும் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய பண்டம் ஒரே வேளையுடன் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. குற்றம் பெரும்பாலும் தானியத்தில் இல்லை. அதைக் கழுவிய முறையிலும் வைத்த நீரின் அளவிலுமே இருக்கிறது.

நெல்லும் குரக்கனும் கோதுமையும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இம்மூன்றும் அவ்வாறல்ல. கீன்வா, பீற்றூட்டுக்கு உறவான ஒரு செடியின் விதை. அமராந்து நமது தண்டுக்கீரையின் இனத்தது. பக்வீட் என்ற பெயரில் கோதுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருப்பினும், கோதுமைக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. அரிசியைக் களையும்போது ஆலையில் உராய்ந்த மாவும் தவிட்டுத் தூளுமே போகின்றன. கழுநீர் வெளுப்பதும் அதனாலேயே. இம்மூன்றிலும் நீர் செய்யவேண்டிய வேலை ஒவ்வொன்றுக்கும் வேறாகும்.

முதலில் கீன்வாவைப் பார்ப்போம். தென் அமெரிக்காவில் பொலிவியா, பெரு ஆகிய நாடுகளின் அந்தீஸ் மலை மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டுவரும் தானியம் இது. இதன் மேற்றோலிலே சப்போனின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. பறவைகள் விதையைத் தின்னாமற் காப்பது அதுவே. சவர்க்காரம்போல் நுரைப்பது அதன் இயல்பு. அம்மலைநாட்டார் விதையை வறுத்து, கல்லிற் குடைந்த குழியிலே இட்டுக் காலால் மிதித்துத் தோலை உராய்ந்து, புடைத்து, பன்முறை கழுவிய பின்னரே சமைத்து வந்தனர். இன்று பெரும்பாலான பொதிகள் கழுவப்பட்டே வருகின்றன; எனினும், கசப்பு எஞ்சியிருப்பதுண்டு. அதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு தேக்கரண்டி விதையைச் சிறு போத்தலில் நீருடன் இட்டு அரை நிமிடம் நன்கு குலுக்கிச் சற்றே வைத்துப் பாருங்கள். நுரை அடங்காமல் நின்றால் கழுவுதல் இன்னும் வேண்டும்.

ஒரு கோப்பை கீன்வாவை எடுத்துக்கொள்வோம். அதை நுண்ணிய கண்ணுள்ள வடியிலிட்டு, ஓடும் நீரின்கீழ் விரல்களால் உராய்ந்தவாறு இரண்டு நிமிடம் கழுவவேண்டும். இங்கே நீர் தெளிவதை மட்டும் பார்த்தாற் போதாது; நுரை நிற்கவேண்டும். ஒரு விதையை மென்று பார்த்து, கசப்பில்லையெனக் கண்டபின் நீரை நன்றாக வடியவிடவேண்டும். பின்னர் இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைந்த நீரும் சிறிது உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து, மூடி, சிறு தீயில் 15 நிமிடம் விடவேண்டும். பதம் அறிவது எளிது. விதை கண்ணாடிபோல் தெளிய, அதனைச் சுற்றியிருந்த முளை வெண்ணிற நூல்போல் சுருள் விரிந்து தோன்றும். அடுப்பிலிருந்து இறக்கி, மூடியபடியே பத்து நிமிடம் வைத்து, முள்ளுக்கரண்டியாற் கிளறினால் உதிரியாக நிற்கும். மூன்று கோப்பையளவு கிடைக்கும். உலையில் நிறைய நீர் வைத்து, சோற்றைப்போல் வடித்தும் எடுக்கலாம். அதற்கும் அதே நுண்வடி வேண்டும்.

அமராந்து விதை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினது. சாதாரண வடியிலே கழுவினால் விதையும் நீரோடு போய்விடும். ஆகையால், வடிக்குள் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் விதையை இட்டு, நீர் ஊற்றி ஒருமுறை அலசினாற் போதும். இதில் கீன்வாவைப்போன்ற கசப்புத் தோல் இல்லை. தூசு போவதே நோக்கம். இதனைச் சோறாக்க எண்ணுவதே தவறு. இதன் மாச்சத்து, பெரும்பாலும் ஒட்டுந் தன்மையுள்ள வகை. எவ்வளவு கவனமாக வைத்தாலும் உதிராது, வடிக்கவும் முடியாது. ஒரு கோப்பைக்கு மூன்று கோப்பை நீர் வைத்து, 20 முதல் 25 நிமிடம் சிறு தீயிற் கிளறினால் நல்ல கஞ்சியாகும். ஆறினால் இறுகும் என்பதால், சற்றுத் தளர்வாகவே இறக்கவேண்டும். பொரிப்பது மற்றொரு முறை. அதற்கு விதையைக் கழுவலாகாது. நன்கு காய்ந்த வெறுஞ்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் இட்டால் சில விநாடிகளிலே வெண்பொரியாகும். வெடிக்காமற் கருகினால் சட்டியின் சூடு போதவில்லை என்பது பொருள். மெக்சிக்கோ மக்கள் இப்பொரியைத் தேனிலோ பாகிலோ பிடித்து ‘அலெக்ரியா’ என்னும் இனிப்பாக்குகின்றனர். வட இந்தியாவில் ராஜ்கிரா என்ற பெயரில் விரத நாட்களில் உருண்டையாக உண்கின்றனர்.

பக்வீட் இரு வகையாக விற்கப்படுகிறது. வறுத்தது கபில நிறம். வறுக்காதது இளம் பச்சை கலந்த வெண்ணிறம். ருஷ்ய நாட்டு இல்லங்களில் அன்றாடம் சமைப்பது வறுத்ததையே. அதனை ஒருமுறை அலசி, ஒன்றுக்கு இரண்டு நீர் வைத்து, கிளறாமல் 15 நிமிடம் சிறு தீயில் வேகவிட்டு, பாத்திரத்தைத் துணியாற் சுற்றிச் சிறிது நேரம் வைப்பார்கள். மணி மணியாக நிற்கும். வறுக்காததை அரிசிபோல் நெடுநேரம் பிசைந்து களைந்தால் வழுவழுப்பான பசை சுரக்கும். அதனை விரைவாக அலசி, உடனே வடித்து, வெறுஞ்சட்டியில் நான்கைந்து நிமிடம் மணம் வரும்வரை வறுத்தபின் உலையிலிட்டால் அக்குறை நீங்கும்.

இனி அரிசியோடு ஒப்பிடுவோம். சமைத்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரியும் 2.7 கிராம் புரதமும் உள்ளன. அதே அளவு சமைத்த கீன்வாவில் 120 கலோரி, 4.4 கிராம் புரதம். அமராந்தில் சுமார் 100 கலோரி, 3.8 கிராம் புரதம். வறுத்த பக்வீட்டில் சுமார் 90 கலோரி, 3.4 கிராம் புரதம். நார்ச்சத்து சோற்றில் அரை கிராமுக்கும் குறைவு; இம்மூன்றிலும் இரண்டு முதல் மூன்று கிராம் வரை உண்டு. அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள லைசீன் என்னும் கூறும் இவற்றில் மிகுதி. எனினும், அக்குறையைச் சோற்றோடு சேரும் பருப்பும் நிரப்பிவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

கலோரியில் வேறுபாடு சிறிதே என்பதை நீரிழிவுள்ளோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். இவற்றிலும் மாச்சத்தே பெரும்பங்கு. மருந்தைப்போல் எண்ணித் தட்டு நிறைய உண்டால் இரத்தத்திற் சீனி ஏறத்தான் செய்யும். அளவு சோற்றுக்குரியதைப் போலவே இருக்கட்டும். பக்வீட் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். யப்பானில் அதன் மாவிலே செய்யும் ‘சோபா’ என்னும் இழையுணவை உண்டு உயிராபத்துக்கு உள்ளானோருண்டு. ஆகவே, முதன்முறை சிறிதளவே உண்டு, உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே வைத்தியரை நாடவேண்டும்.

வாங்கும் பொதி ஒன்றே ஒன்றாயின், கறியோடு சோற்றுக்குப் பதிலாக உண்ண விரும்புவோர் கீன்வாவையோ வறுத்த பக்வீட்டையோ தேர்ந்துகொள்க. காலைக் கஞ்சிக்கு அமராந்தே ஏற்றது.