பாட்டா, மௌனமா, விசிறியின் இரைச்சலா?

பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா என்று எம்மை வினாவும் மாணவர் பலர். கூடாதென்று பெற்றோர் சொல்ல, பாட்டில்லாவிடின் மனம் ஓடுகின்றதில்லையென்று பிள்ளை சொல்ல, வழக்கு ஆசிரியரிடம் வந்து சேர்கின்றது. இரு திறத்தாரும் ஒலியின் உரப்பைப் பற்றியே வாதாடுவர். உளவியலார் கண்டதோ வேறு.

1976 ஆம் ஆண்டிலே கொல், வெல்ஷ் என்னும் அமெரிக்கர் இருவர் ஒரு பரிசோதனை செய்தனர். மாணவர் சில எழுத்துக்களைக் கண்ணாற் பார்த்து, பின்னர் அதே வரிசையில் எழுதவேண்டும். எழுத்துக்களைப் பார்க்கும்போது அவர்தம் காதில் ஜெர்மன் மொழி வாசகமொன்று ஒலித்தது. அம்மொழியை அவர்கள் அறியார். அதனைக் கவனிக்க வேண்டாமென்றும் சொல்லப்பட்டது. ஆயினும் மௌனத்திற் செய்ததைக் காட்டிலும் பிழைகள் மிகுந்தன. பின்வந்த ஆய்வுகள், மெல்லிய பேச்சும் உரத்த பேச்சும் ஏறக்குறைய ஒரே அளவு கெடுதி செய்வதையும், மாறாத இரைச்சல் அவ்வாறு செய்யாமையையும் காட்டின.

இதன் காரணம் யாது? வரிசையாக ஒன்றை மனத்திலே தாங்கும்போது நாம் அதனை உள்ளுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். வெளியே மாறி மாறி ஒலிக்கும் ஓசைகளையும் செவி, நமது அனுமதியின்றியே, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றது. இவ்விரு வரிசைகளும் மோதுகின்றன என்பது பிரித்தானிய அறிஞர் டிலன் ஜோன்ஸ் தரும் விளக்கம். விசிறியின் ஓசை மாறுவதில்லை. ஆதலால் கோப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பாட்டு விருப்பமானதாயின் தீங்கில்லையே என்பர் மாணவர். 2011 இல் பெரம், விசார்ட் என்னும் இருவர் இதனையே சோதித்தனர். தாமே விரும்பித் தெரிந்த இசையும், வெறுத்த இசையும் வரிசை நினைவை ஒரே அளவிற் கெடுத்தன. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலித்தபோதோ கெடுதி காணப்படவில்லை.

ஆகவே செய்யும் வேலையைப் பார்த்தே விடை சொல்லவேண்டும். ஆவர்த்தன அட்டவணையின் மூலகங்களை வரிசையாக மனனஞ் செய்தலும், மனக்கணக்கிற் கைம்மாற்று எண்ணைத் தாங்கி நிற்றலும் மாறும் ஒலி எதனையும் பொறுக்கமாட்டா. சொல்லில்லாத வாத்திய இசையும் அங்கே ஓரளவு இடைஞ்சலே. வாசித்துப் பொருள் கொள்ளுதல், கட்டுரை எழுதுதல் ஆகியவற்றில் இடைஞ்சல் வேறு வகையானது. அங்கே கேடு செய்வது சொல்லின் பொருள். தமிழ்க் கட்டுரை எழுதுபவனுக்குத் தமிழ்ப் பாட்டே பெரும்பகை. பொருள் விளங்காத மொழிப்பாட்டு அத்துணைத் தீங்கன்று. விலங்கியற் படத்துக்கு நிறந்தீட்டுதல், குறிப்பைத் திருத்தமாகப் பெயர்த்தெழுதுதல் போன்ற பழகிய வேலைகளில் இசையால் இழப்புச் சிறிது. சலிப்பை நீக்குமாயின் ஆதாயமும் உண்டு.

எம் மருமகன் ஒருவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவன். இவற்றையெல்லாம் கேட்டுச் சிரித்தான். தனக்கு இவை பொருந்தா என்றான். ஆதலால் அவனையே சோதித்தோம். ஒரே இலக்கம் இருமுறை வாராதபடி எட்டு இலக்கங்கள் கொண்ட நிரைகளைத் துண்டுகளில் எழுதினோம். வினாடிக்கு ஓரிலக்கமாகக் காட்டி, பத்து வினாடி பொறுத்து எழுதச் செய்தோம். மௌனத்திற் பத்து, விசிறியோடு பத்து, அவன் தெரிந்த பாட்டோடு பத்து என முப்பது நிரைகள். ஒரு வகை முழுவதையும் முடித்துவிட்டு மற்றதற்குப் போவது தவறு; பின்னே வருவது களைப்பின் பழியை ஏற்கும். எனவே மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தோம். சரியான இடத்தில் எழுதிய இலக்கத்துக்கு மாத்திரமே புள்ளி.

எண்பதுக்கு மௌனத்தில் 67, விசிறியோடு 66, பாட்டோடு 56. முதலிரண்டிற்கும் இடையேயுள்ள ஒரு புள்ளி பொருட்டன்று. பத்துப் புள்ளிக் குறைவும் ஒருவனிடம் ஒருநாட் கண்டதே. அதனால் மூன்றாம் நாள் மறுபடியுஞ் செய்தோம். பாட்டே மீண்டும் பின்தங்கியது. எண்ணிப் பார்க்குமுன் எது நன்றாய் வந்ததென்று கேட்டபோது, இரண்டு நாளும் அவன் சொன்னது பாட்டு என்பதே! இன்பமாயிருந்ததை நன்றாயிருந்ததென்று மனம் கருதிக்கொள்கின்றது போலும்.

விசிறி நினைவை வளர்க்கும் என்று எவரும் இதனாற் கொள்ளற்க. வீடு அமைதியாயின் அதற்கு வேலையில்லை. அயல்வீட்டு வானொலியோ, விடுதியிற் பக்கத்து மேசைப் பேச்சோ காதில் விழும்போது அது சொற்களை மூடி மங்கச் செய்கின்றது. அவ்வளவே அதன் பயன். தகரக் கூரையில் ஒரே சீராகப் பெய்யும் மழையும் அத்தகையதே. கோயில் ஒலிபெருக்கியை மூட விசிறியாலாகாது. திருவிழா நாட்களில் மருமகன் மனனத்தை விடியற்காலைக்கு ஒதுக்கி, மாலையிற் படம் வரைகின்றான். பாட்டும் அப்பொழுதே கேட்கின்றான்.