அப்ரைசல் தாமதமானால் யாருடைய சம்பளம் குறைகிறது?

ஏப்ரல், மே மாதங்களில் பல நிறுவனங்களின் மனிதவளத் துறை தன் மேனேஜர்களுக்கு ஒரே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப அனுப்பும்: "உங்கள் டீமின் அப்ரைசலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்." வேலை நெருக்கடியில் இருக்கும் மேனேஜர் அதை இன்னொரு படிவ வேலையாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார். இன்கிரிமென்ட் சற்றுத் தாமதமாக வரும், அரியர்ஸோடு சேர்ந்து வந்துவிடும், அவ்வளவுதானே என்பது அவர் எண்ணம். உண்மையில் அந்தத் தாமதத்தில் பணமே கைமாறிப் போகலாம்.

இது எப்படி என்று புரிய, சம்பள உயர்வு முடிவாகும் வரிசையைப் பார்க்க வேண்டும். ஊழியர் தன் ஓராண்டு வேலையைப் பற்றித் தானே எழுதித் தருகிறார். மேனேஜர் அதைப் படித்து ரேட்டிங் போடுகிறார். பிறகு ஒரு துறையின் மேனேஜர்கள் எல்லோரும் கூடி, ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் கறாராகவும் மதிப்பிட்டிருந்தால் அதைச் சமன்செய்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் இதை கேலிப்ரேஷன் கூட்டம் என்கிறார்கள். அங்கு முடிவான ரேட்டிங்கின்படிதான் உயர்வுச் சதவீதம் அமைகிறது. துறைக்கு ஒதுக்கிய தொகையோ முன்பே நிர்ணயமானது. அதற்குள்தான் எல்லோருக்கும் பங்கிட்டாக வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு துறையில் மூன்று டீம்கள். ஒவ்வொன்றிலும் 8 பேர். எல்லோருக்கும் மாதம் 50,000 ரூபாய் சம்பளம். ஒதுக்கீடு 9 சதவீதம். அதாவது ஒரு டீமுக்கு மாதம் 36,000, துறைக்கு மொத்தம் 1,08,000 ரூபாய். மிகச் சிறந்தவர்களுக்கு 14 சதவீதம், நன்றாகச் செய்தவர்களுக்கு 9, முன்னேற வேண்டியவர்களுக்கு 4 என்பது விதி.

முதல் டீமுக்கு இது அருமையான ஆண்டு. மூன்று பேர் மிகச் சிறப்பு, நான்கு பேர் நன்று, ஒருவர் முன்னேற வேண்டும். இதற்கு 41,000 ரூபாய் தேவை. மற்ற இரண்டு டீம்களிலும் தலா ஏழு பேர் நன்று, ஒருவர் முன்னேற வேண்டும். அவற்றுக்குத் தலா 33,500 போதும். கூட்டிப் பாருங்கள்: சரியாக 1,08,000. மூன்று மேனேஜர்களும் ஒரே கூட்டத்தில் இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் முதல் மேனேஜர் படிவங்களை முடிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது. மற்ற 16 பேர் காத்திருக்கிறார்கள். அவர் டீமுக்குச் சராசரியாக 36,000 ரூபாயை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். மீதி இரண்டு டீம்களிலும் தலா 2,500 ரூபாய் மிஞ்சுகிறது. இரு மேனேஜர்களும் தங்கள் டீமில் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவரை "மிகச் சிறப்பு" வரிசைக்கு உயர்த்தக் கேட்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, மறுத்துப் பேச ஆள் இல்லை. ஒப்புதல் கிடைக்கிறது, கடிதங்கள் தயாராகின்றன.

இரண்டு வாரம் கழித்து முதல் மேனேஜரின் படிவங்கள் வருகின்றன. தேவை 41,000, இருப்பது 36,000. கணக்கு பொருந்த, மூன்று சிறந்தவர்களில் இருவரை ஒரு படி இறக்க வேண்டியிருக்கிறது. அந்த இருவரும் 57,000 வாங்க வேண்டிய இடத்தில் 54,500 வாங்குவார்கள். ஆண்டுக்கு 30,000 ரூபாய் இழப்பு. இதற்கு அரியர்ஸ் கிடையாது. அடுத்த ஆண்டின் உயர்வும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும் என்பதால் இழப்பு தொடர்கிறது.

சில நிறுவனங்கள் யாரையும் விட்டுவிடாமல், எல்லாப் படிவங்களும் வரும்வரை நிறுத்திவைக்கின்றன. அப்போது ஒருவருடைய தாமதத்துக்கு 24 பேரும் காத்திருக்கிறார்கள். மாதச் சம்பளக் கணக்கை முடிக்கும் தேதி ஒரு நாள் தவறினாலும் உயர்வு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதற்குள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பவர் வங்கியிடம் பழைய சம்பளச் சீட்டைத்தான் காட்ட முடியும்.

கடைசி இரவில் அவசரமாக முடித்தாலும் சேதம் உண்டு. அப்போது நினைவில் நிற்பது கடைசி இரண்டு மாத வேலைதான். முந்தைய ஜூலையில் ஒருவர் காப்பாற்றிக் கொடுத்த திட்டம் மறந்துபோகும். "நன்றாகப் பணியாற்றினார்" என்று எட்டுப் பேருக்கும் ஒரே வரி எழுதியிருந்தால், கூட்டத்தில் அதை வைத்து யாருக்காகவும் வாதாட முடியாது.

மேனேஜர்களே, எட்டுப் படிவங்களையும் முழுமையாக எழுத நேரமில்லை என்றால், எட்டு ரேட்டிங்குகளையும் முதலில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு, மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த ரேட்டிங் பெறுபவர்களுக்கு மட்டும் இரண்டு உறுதியான காரணங்களை எழுதுங்கள். கூட்டத்தில் கேள்விக்கு உள்ளாவது பெரும்பாலும் அவர்கள்தான். மற்றவர்களுக்கான விரிவான குறிப்பைப் பிறகு சேர்க்க வழியிருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். கூட்டத்துக்கு முன் உங்கள் டீமின் ரேட்டிங் மேசையில் இருந்தால்தான் அவர்களுக்கான பணத்தை நீங்கள் கேட்க முடியும்.